‘ஹாய்’ அனுப்பியாச்சு, பதில் வரவில்லை: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், உப்புத்தண்ணி பட்ட போனுக்கு வைத்தியம், இதுதான் பிழைப்பு. இது போக, காசு வாங்காமல் பார்க்கும் வேலை ஒன்று உண்டு. வாரத்துக்கு ரெண்டு பேராவது போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, “அண்ணே, ஒரு டிக்தான் விழுந்திருக்கு. பிளாக் பண்ணிட்டானா?” என்று கேட்பார்கள். பெரும்பாலும் பழைய பள்ளிக்கூடக் கூட்டாளிக்கோ, கூட வேலை பார்த்தவருக்கோ பல வருஷம் கழித்து ஒரு ‘ஹாய்’ போட்டிருப்பார்கள். காதல் விவகாரமும் வரும். அதற்கு நான் ஆளில்லை. இங்கே எழுதுவது வாட்ஸ்அப்பில் நட்பாக அனுப்பிய ஒரு ஹாயைப் பற்றி மட்டும்.

பதில் ஏன் வரவில்லை என்று மனதுக்குள் கேட்டால் மனசு ஆயிரம் சொல்லும். மெசேஜ் எந்த இடத்தில் நிற்கிறது என்று போனைக் கேட்டால் அது ஒரே பதில்தான் சொல்லும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

முதலில் மெசேஜ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

உங்கள் ஹாய் நாலு இடம் தாண்ட வேண்டும். உங்கள் போனிலிருந்து வாட்ஸ்அப் சர்வருக்கு, சர்வரிலிருந்து அவர் போனுக்கு, அவர் போனிலிருந்து அவர் கண்ணுக்கு, கண்ணிலிருந்து பதில் தட்டும் விரலுக்கு. முதல் மூன்றுக்கு அடையாளம் இருக்கிறது. கடைசிக்குக் கிடையாது. மனசு அலைவதெல்லாம் அந்தக் கடைசித் துண்டில்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெசேஜ் அங்கே போய்ச் சேர்ந்தே இருக்காது.

கடிகாரப் படம் தெரிந்தால் மெசேஜ் இன்னும் உங்கள் போனை விட்டே கிளம்பவில்லை. அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் நெட்டைப் பாருங்கள். ஒரு சாம்பல் டிக் என்றால் சர்வர் வரைக்கும் போய்விட்டது, அவர் போனுக்குப் போகவில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் அவர் போனிலோ, அவர் இணைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரிலோ இறங்கிவிட்டது. இரண்டும் நீலமானால் அந்த சாட் திறக்கப்பட்டிருக்கிறது. ‘அவர் படித்துவிட்டார்’ என்று நான் சொல்லவில்லை, ‘திறக்கப்பட்டிருக்கிறது’ என்றுதான் சொல்கிறேன். இந்த வித்தியாசத்தில் நானே ஒரு தடவை ஒன்பது நாள் மாட்டிக்கொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து, பலரும் தொடாமலே விடுகிற ஒரு இடம். அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, Info என்பதைத் திறங்கள். ஐபோனில் அந்த மெசேஜை இடப்பக்கம் தள்ளினாலே போதும். Delivered, Read என்று இரண்டு வரி இருக்கும், பக்கத்தில் நேரம் இருக்கும். இந்த இரண்டு நேரமும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டிக்கை மட்டும் பார்க்கிறவருக்கு ‘இன்னும் பார்க்கலை’ என்பதுதான் தெரியும். நேரத்தையும் பார்க்கிறவருக்கு ‘காலை 5.50க்குப் போய்ச் சேர்ந்திருக்கு’ என்பது தெரியும். நம்ம ஊரில் காலை 5.50க்கு ஒரு அர்த்தம் உண்டு.

ஒரு டிக்கிலேயே நின்றால்

இங்கே ஒரு டிக்குக்கு முதல் காரணம் கடல். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகப் போவது திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. கரையை விட்டு சில கிலோமீட்டர் போனதும் டவர் விட்டு விட்டு வரும், அப்புறம் சுத்தமாக இருக்காது. போன் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வீல்ஹவுசில் கிடக்கும். ஆகவே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் அனுப்பிய ஹாய்க்கு ஞாயிறு விடியும் வரை ஒரு டிக்தான். அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

தனுஷ்கோடிப் பக்கம் தொழில் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. அங்கே சில போன்களில் இலங்கை டவர் வந்து ஒட்டிக்கொள்ளும். திரையில் முழுக் கோடு தெரியும், ரோமிங் போடாததால் நெட் ஓடாது. “ஃபுல் சிக்னல் இருந்துச்சுண்ணே, உங்க மெசேஜ் மட்டும் வரலை” என்று அவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நெட்வொர்க்கைத் தானாகத் தேடும் அமைப்பை நிறுத்திவிட்டு அவருடைய கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்தால் இது நின்றுவிடும். நம்ம டவர் எட்டாத இடத்தில் அதுவும் உதவாது.

கடலுக்குப் போகாதவர் என்றால் காரணங்கள் வேறு. நெட் பேக் தீர்ந்திருக்கும், இது மிகச் சாதாரணம். மாசக் கடைசியில் என் கடைக்கு வரும் கூட்டமே இதற்குச் சாட்சி. இல்லையென்றால் சிம்மை மாற்றியிருப்பார். வளைகுடாவுக்குப் போனவர் பழைய இந்திய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டால் அது ஒரு நாள் செத்துப்போகும். அப்படி ரத்தான நம்பரைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்து, பிறகு வேறொருவருக்குக் கொடுக்கிறார்கள். கீழக்கரையில் ஒரு காக்கா, அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தன் பழைய கூட்டாளி என்று நினைத்து ‘என்னப்பா மறந்துட்டியா’ என்று மூன்று நாள் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் இருந்தது சேலத்தில் புதிதாக சிம் வாங்கிய ஒரு பெரியம்மா.

சரி, பிளாக் செய்திருந்தால்? பிளாக் செய்தாலும் ஒரே டிக்தான் நிற்கும். டிபி தெரியாது, லாஸ்ட் சீன் தெரியாது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் எல்லோரும் ‘பிளாக்’ என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பல சமயம் செல்லாது. தன் கான்டாக்டில் இருப்பவருக்கு மட்டும் டிபியும் லாஸ்ட் சீனும் தெரிகிற மாதிரி ஒருவர் வைத்திருந்து, உங்கள் நம்பர் அவரிடம் பதிவாகாமல் இருந்தால் அப்போதும் உங்களுக்கு வெறும் சாம்பல் உருவம்தான் தெரியும். கூடவே அவர் கடலில் இருந்தால் ஒரு டிக்கும் வந்துவிடும். மூன்று அடையாளமும் பொருந்தும், பிளாக் மட்டும் இருக்காது. ஒரு டிக் மறுநாளோ அதற்கு மறுநாளோ இரண்டாகிவிட்டால் அந்தச் சந்தேகத்தை அப்போதே தூக்கிப் போட்டுவிடலாம். பிளாக் செய்திருந்த சமயத்தில் அனுப்பிய மெசேஜ் பிறகு ஒருபோதும் போய்ச் சேராது.

ஒரு டிக் எவ்வளவு நாள் நிற்கலாம்? போய்ச் சேராத மெசேஜை வாட்ஸ்அப் சர்வர் 30 நாள் வரை வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். அதனால் ஒரு மாசம் தாண்டியும் ஒற்றை டிக் என்றால் அந்த மெசேஜுக்காகக் காத்திருக்க வேண்டாம். நம்பர் சரிதானா என்று பொதுவான ஒரு கூட்டாளியிடம் கேளுங்கள். கேட்கும்போது “அவன் நம்பர் மாறிடுச்சா?” என்று மட்டும் கேளுங்கள். “என்னைய பிளாக் பண்ணிட்டான் போல” என்று ஆரம்பித்தால் அது ஊரைச் சுற்றி, வேறு உருவத்தில் அவர் காதுக்குப் போகும்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் ஒற்றை டிக்கை அலட்சியம் செய்யக் கூடாது. நீங்கள் ஹாய் அனுப்பியவர் கடலுக்குப் போயிருக்கிறார், கூடப்போன படகெல்லாம் கரைக்கு வந்துவிட்டது, அவருடையது வரவில்லை என்றால் டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். படகு ஓனருக்கும் சங்கத்துக்கும் போன் போடுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

இரண்டு சாம்பல் டிக்: கைக்கு எட்டியது, கண்ணுக்கு எட்டியதா?

இதுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும் நிலை. அவர் ஆன்லைன் வருகிறார், போகிறார், ஸ்டேட்டஸ் போடுகிறார். உங்கள் மெசேஜ் மட்டும் சாம்பலாகவே கிடக்கிறது.

இதற்குள் இரண்டு விதம் உண்டு. ஒன்று, உண்மையிலேயே திறக்கவில்லை. குடும்பக் குரூப், சங்கக் குரூப், ஐஸ் கம்பெனி, மீன் விலை, பள்ளிக்கூட டீச்சர் என்று முப்பது சாட்டுக்குக் கீழே உங்கள் ஹாய் இறங்கிப் போயிருக்கும். எப்போதோ ஆர்கைவ் செய்த சாட் என்றால் புது மெசேஜ் வந்தாலும் அது மேலே வராமல் அந்த மூலையிலேயே கிடக்கும்படி அமைப்பு இருக்கிறது. ‘ஆன்லைன்’ என்று தெரிந்தால் அவர் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மனைவியிடம் அரிசி மூட்டை விலை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது விதம், படித்துவிட்டார், ஆனால் நீலம் ஆகவில்லை. மேலே இழுத்துப் பார்க்கும் நோட்டிபிகேஷனிலேயே ‘ஹாய்’ முழுசாகத் தெரிந்துவிடும். இரண்டு எழுத்து மெசேஜை எவரும் உள்ளே போய்ப் படிக்க வேண்டியதில்லை. இல்லையென்றால் நீல டிக்கையே நிறுத்தி வைத்திருப்பார். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதை நிறுத்தி வைத்தாலும் குரூப்பில் அனுப்பும் மெசேஜுக்கு Info பக்கத்தில் யார் படித்தார்கள் என்பது தெரியும், குரல் மெசேஜைக் கேட்டால் மைக் படம் நீலமாகும். ஆனால் வேவு பார்ப்பதற்காகவே குரல் மெசேஜ் அனுப்பாதீர்கள். நீல டிக்கை நீங்கள் நிறுத்தி வைத்திருந்தாலும் அடுத்தவருடையது உங்களுக்குத் தெரியாது. இதை மறந்துவிட்டு, “எவனுமே என் மெசேஜைப் பார்க்க மாட்டேங்குறான்” என்று ஒருவர் என்னிடம் ஒரு மாசம் புலம்பியிருக்கிறார். அவர் போனை வாங்கி அமைப்பைக் காட்டியதும் கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

கடிகாரத்தை விடுங்கள், அவர் கரையில் இருந்த நேரத்தை எண்ணுங்கள்

போன வருஷம் நடந்த ஒன்றை முழுசாகச் சொல்கிறேன். ராமநாதபுரத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, விசைப்படகில் போகும் தன் பத்தாம் வகுப்புக் கூட்டாளிக்கு சனிக்கிழமை காலை 9.40க்கு ‘ஹாய் டா’ என்று அனுப்பியிருந்தார். தம்பியின் நம்பர் புதிது. டிபியில் அவர் முகம் இல்லை, ஒரு பைக் இருந்தது. சனி முழுக்க ஒரு டிக். ஞாயிறு மதியம் தங்கச்சிமடத்துக்கு ஒரு விசேஷத்துக்கு வந்தவர் அப்படியே கடைக்கும் வந்தார். “காலையிலேயே ரெண்டு டிக் விழுந்துருச்சுண்ணே. மணி பன்னெண்டு ஆச்சு. பார்க்கவே இல்லை. வேணும்னே பண்றான்.”

Info பக்கத்தைத் திறந்தோம். போய்ச் சேர்ந்தது 5.50. படகு கரையை நெருங்கி டவர் பிடித்த நேரம் அது. போன் பைக்குள் இருந்தபடியே மெசேஜை வாங்கிக்கொண்டது. ஆளுக்கோ அப்போதுதான் பாதி வேலை ஆரம்பம். மீனை இறக்க வேண்டும், இறாலைத் தனியாகப் பிரிக்க வேண்டும், நண்டு, கணவாய், சங்காயம் எல்லாம் வேறு வேறு கூடை. எடை, விலை, வலை அலசல், கணக்கு, பங்குப் பணம். வீட்டுக்குப் போகவே பத்து பதினொன்று ஆகும். இரவு முழுக்கத் தூங்காத ஆள். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணி வரை இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். அதனால் மதியம் பன்னிரண்டு மணிக்கு நீல டிக்கைத் தேடியது தம்பியின் தப்பு.

நீலம் விழுந்தது ஞாயிறு மாலை 7.15. பதில் இல்லை. தம்பி எனக்கு அந்த நேரமே போன் செய்து, “பார்த்துட்டான்ணே, பதில் போடலை, இப்ப ஒண்ணு கேட்கவா?” என்றார். வேண்டாம் என்றேன். மறுநாள் திங்கள், படகு போகும். அன்றைக்குக் கேள்வி கேட்டால் மறுபடி ஒரு நாள் ஒற்றை டிக், மறுபடி ஒரு நாள் புலம்பல். செவ்வாய் மாலை, அவர் தூங்கி எழுந்த பிறகு அனுப்பச் சொன்னேன். செவ்வாய் 5 மணிக்குப் போன இரண்டாவது மெசேஜுக்கு 6.05க்குப் பதில் வந்தது: ‘டேய் நீயா? எவனோ லோன்காரன்னு நெனச்சேன்.’

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சனி 9.40 முதல் செவ்வாய் 6.05 வரை 80 மணி நேரம். தம்பியின் மனதில் ஓடியது இந்த எண்பது. அந்தக் கூட்டாளி கரையில், விழித்துக்கொண்டு, கையில் போனோடு இருந்த நேரம் ஞாயிறு மாலை மூன்றிலிருந்து பத்து வரை ஏழு மணி நேரம், செவ்வாய் மாலை மூன்று மணி நேரம். மொத்தம் பத்து. அந்தப் பத்துக்குள் ஞாயிறு மாலைப் பூசை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், திங்களுக்கான ஐசும் டீசலும் இருக்கிறது. பத்து மணி நேரம் பதில் வராதது ஒரு விஷயமா?

இந்தக் கணக்கை உங்கள் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். துபாயில் இருப்பவருக்கு நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி, கத்தார், குவைத்தில் இருப்பவருக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பதுக்கு நீங்கள் ஹாய் அனுப்பும்போது ரியாத்தில் மணி ஆறரை. அவர் வேலை முடிந்து கம்பெனி வண்டியில் வந்துகொண்டிருப்பார். அவர் குளித்துச் சமைத்து ஓய்ந்து பதில் போடும்போது இங்கே நள்ளிரவு. ‘நைட்டு ஒரு மணிக்கு எனக்குப் பதில் போடுறான், பகல்ல போட மாட்டேங்குறான்’ என்பதற்கு இவ்வளவுதான் அர்த்தம். சிங்கப்பூர், மலேசியாவுக்கு இது அப்படியே தலைகீழ், நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். நம்ம இரவு ஒன்பது அவர்களுக்குப் பதினொன்றரை.

பாசி எடுக்கப் போகும் அக்காமார் நீர்வற்றைப் பார்த்துப் போகிறவர்கள். அந்த நாட்களில் போனைத் தொடவே முடியாது, கையெல்லாம் கிழிந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் கரையில்தான் இருப்பார், உடனே பதில் வரும் என்று நினைப்போம். அப்போது படகை மேலே ஏற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் வேலை தேடி வெளியூர் போயிருப்பார். ஆடி அமாவாசை வாரத்தில் ராமேஸ்வரத்தில் கடை வைத்திருப்பவருக்கு எதுவும் அனுப்பாமல் இருப்பதே உத்தமம்.

நீலமாகியும் பதில் இல்லை என்றால், முதலில் உங்கள் ஹாயைப் பாருங்கள்

எனக்கு இதில் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் உண்டு. பல வருஷம் கழித்து வெறும் ‘ஹாய்’ அனுப்புவது, ஒருவர் வீட்டு வாசலில் போய்க் கதவைத் தட்டிவிட்டுப் பேசாமல் நிற்பது மாதிரி. உள்ளே இருப்பவருக்கு வந்தது யார், எதற்கு வந்தார் என்று தெரியாது. நம்ம ஊரில் ரொம்ப நாள் கழித்து வரும் ஹாய்க்குப் பின்னால் பெரும்பாலும் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கைமாத்து, சீட்டு, இன்சூரன்ஸ், கல்யாணப் பத்திரிகை. இதோடு இப்போது ஏமாற்று வேலையும் சேர்ந்துவிட்டது. தெரிந்தவர் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஹாய் போட்டு, பதில் வந்ததும் ‘உனக்கு ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வரும், அதை அனுப்பு’ என்பார்கள். அந்த நம்பரைக் கொடுத்தால் கொடுத்தவர் கணக்கும் போய்விடும். இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் வெறும் ஹாயைப் பார்த்ததும் சும்மா இருந்துவிடுகிறார். அவர் மீது தப்பே இல்லை.

அதனால் முதல் மெசேஜிலேயே மூன்றை வைத்துவிடுங்கள்: யார், ஏன் இப்போது, வேறொன்றும் வேண்டாம். உதாரணத்துக்கு: ‘ஹாய் டா, நான்தான், பத்தாம் வகுப்புல ஜன்னல் ஓரம் உன் பக்கத்துல உட்கார்ந்தவன். நம்பர் மாத்திட்டேன். இன்னைக்கு பாம்பன் பாலத்துல நின்னப்ப உன் ஞாபகம் வந்துச்சு, அதான். வேற ஒண்ணுமில்லை, நேரம் கிடைக்கும்போது பேசு.’ அந்த ‘வேற ஒண்ணுமில்லை’ பணம் கேட்க வரவில்லை என்று சொல்கிறது. ‘நேரம் கிடைக்கும்போது’ என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். அதை எழுதிவிட்டு அரை மணி நேரத்தில் முகம் தூக்கினால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

வெறும் ஹாயை ஏற்கனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால்? அனுப்பி 15 நிமிஷம் ஆகவில்லையென்றால் திருத்தி எழுதலாம். தாண்டிவிட்டால் அப்படியே விடுங்கள். அழிக்காதீர்கள். எல்லோருக்கும் அழித்தாலும் ‘மெசேஜ் நீக்கப்பட்டது’ என்ற தடம் அங்கேயே நிற்கும். ஹாயைப் பார்த்துப் பேசாமல் இருப்பவர், நீக்கப்பட்டதைப் பார்த்தால் ‘என்ன எழுதி அழிச்சான்’ என்று அவரும் யோசிக்க ஆரம்பிப்பார். ஒருவர் யோசிப்பது போதாதா?

இரண்டாவது மெசேஜ்: எப்போது, எப்படி

ஒன்றே ஒன்றுதான். விசைப்படகுக்காரர் என்றால் குறைந்தது இரண்டு தங்கல் போய் வரும் வரை பொறுங்கள், அதாவது நாலைந்து நாள். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் அவருடைய ஒரு வார விடுமுறை நாள் கடக்கட்டும். மற்றவர்களுக்கு ஒரு வாரம். துணிக்கடைத் தம்பியை நான் இரண்டே நாளில் அனுப்பச் சொன்னதற்குக் காரணம், முதல் மெசேஜில் பெயரே இல்லை. அது நினைவூட்டல் இல்லை, விட்டுப்போனதைச் சேர்ப்பது.

அதில் ‘??’ வேண்டாம், ‘பிஸியா’ வேண்டாம், ‘பெரிய ஆளாயிட்ட போல’ கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னது வேடிக்கை என்று நினைத்துத்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். படிக்கிறவருக்கு அது குத்தல். அதற்குப் பதில் போட வேண்டுமென்றால் முதலில் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், அதற்கு அலுத்துக்கொண்டு அவர் இன்னும் தள்ளிப் போடுவார். பதிலாக, ஒரு வார்த்தையில் முடித்துவிடக்கூடிய கேள்வியை வையுங்கள். ‘நம்ம கணக்கு வாத்தியார் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?’ என்றால் ‘மண்டபம்’ என்று ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். பழைய போட்டோ ஒன்று இருந்தால் அது இன்னும் நல்லது.

அனுப்பிய பிறகு அந்த சாட்டை நீங்களே ஆர்கைவ் செய்துவிடுங்கள். உங்கள் கண்ணில் படாது. ஒரு நாளைக்கு இருபது தடவை லாஸ்ட் சீன் பார்க்கும் வேலை இதில் பாதியாகக் குறையும் என்பது என் கடை அனுபவம். இரண்டாவதும் நீலமாகி இரண்டு வாரம் ஆகிவிட்டதென்றால் மூன்றாவது அனுப்பாதீர்கள். அவருக்கு இப்போது பேச விருப்பமில்லை, அல்லது பேசும் நிலையில் இல்லை. இந்த இரண்டில் எது என்று போன் சொல்லாது. வழியில் பார்த்தால் எப்போதும் போல ‘என்னடா நல்லா இருக்கியா’ என்று கேட்டுவிட்டுப் போங்கள். மெசேஜ் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம்.

என் ஒன்பது நாள்

தொண்டியில் எனக்கு ஒரு கூட்டாளி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பேசவில்லை. நம்பர் கிடைத்ததும் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான் அனுப்பியது வெறும் ‘ஹாய் மாப்ள’. ஒரே நிமிஷத்தில் இரண்டு டிக், அதே நிமிஷத்தில் நீலம். Info பக்கத்தில் இரண்டு நேரமும் ஒன்றுதான், மாலை 6.32. எனக்கு அப்படியே முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உடனே பார்த்திருக்கிறான், உடனே ஒதுக்கியிருக்கிறான். ஒன்பது நாள் அதையே நினைத்து, கடையில் ஒரு வாடிக்கையாளர் போனுக்கு வேறு மாடல் கிளாசை ஒட்டி, அதையும் பிய்த்தேன்.

ஒரே போனை வீடே பாவிக்கிற ஊர் இது. நீல டிக் விரல் பட்டதைச் சொல்லுமே தவிர யார் விரல் என்று சொல்லாது. நேரத்தை நான் இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். மாலை ஆறரை மணிக்கு அந்த வயசு ஆம்பளை கையில் போன் இருக்குமா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கையில் இருக்குமா?

பத்தாம் நாள் அவனே கூப்பிட்டான். மகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே வந்து விழுந்த மெசேஜைத் தட்டித் திறந்துவிட்டு, மறுபடி கார்ட்டூனுக்கே போய்விட்டாளாம். அன்றைக்கு வேறு எதையோ தேடப் போய்க் கீழே கிடந்த என் ஹாயைப் பார்த்திருக்கிறான்.

“ஏண்டா, பதில் வரலைன்னா ஒரு போன் போட மாட்டியா? நீதான மொபைல் கடை வச்சிருக்க?” என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கி வைக்கிறேன், வா என்றான். போனேன். அந்தப் பாப்பா என் போனையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது.